எல்-4 இருக்கையைப் பூட்டுவது யார்?

நான்கு பொறியாளர்கள். எட்டு மாதச் சம்பளத்துக்குத் தாங்கும் முதலீடு. வாடிக்கையாளர் இன்னும் ஒருவர்கூட இல்லை. ஆம்னி பஸ்களுக்கு டிக்கெட் பதிவு செய்துதரும் மென்பொருளை எழுதப்போகும் ஒரு புது நிறுவனத்தை இப்படிக் கற்பனை செய்துகொள்ளலாம். நிரலின் முதல் வரிக்கு முன்பே அவர்கள் ஒரு டிசைன் டாக்குமென்ட் எழுத உட்காருகிறார்கள். ஆறேழு பக்கம் வரும் அந்த வடிவமைப்பு ஆவணம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: எல்லா வேலையையும் செய்யும் ஒரே நிரல், அதற்கு ஒரே டேட்டாபேஸ் என்று தொடங்குவதா? இல்லை, இருக்கை, பதிவு, பயணி, கட்டணம், குறுஞ்செய்தி என ஐந்து தனித்தனிச் சேவைகளாக, ஒவ்வொன்றுக்கும் சொந்த டேட்டாபேஸோடு எழுதி, அவற்றை நெட்வொர்க் வழியே பேசவிடுவதா?

முதல் வகையை மோனோலித் என்கிறார்கள், இரண்டாவதை மைக்ரோசர்வீஸ். இரண்டாவது பெயர் உலகெங்கும் பரவியதில் 2014 மார்ச்சில் ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபௌலரும் எழுதிய கட்டுரைக்குப் பெரும் பங்குண்டு. அதே ஃபௌலர் 2015 ஜூனில் இன்னொன்றையும் எழுதினார். தான் கேள்விப்பட்ட வெற்றிகரமான மைக்ரோசர்வீஸ் அமைப்புகள் ஏறக்குறைய எல்லாமே மோனோலித்தாகத் தொடங்கிப் பெருத்த பிறகு உடைக்கப்பட்டவை, தொடக்கத்திலிருந்தே சேவைகளாகக் கட்டப்பட்டவை பெரும்பாலும் சிக்கலில் முடிந்தன என்றார்.

ஆவணத்தில் முதலில் வரவேண்டியது கட்டமைப்புப் படமல்ல, கணக்கு. நாற்பது பஸ், பஸ்ஸுக்கு 36 இருக்கை என்றால் ஒரு நாளில் விற்கக்கூடியது 1,440 இருக்கைகள். ஒருவர் டிக்கெட் வாங்கும்வரை தேடல், இருக்கை வரைபடம், விலை என்று சர்வரை ஐம்பது தடவை தட்டுகிறார் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 72,000 கோரிக்கைகள்தான். அதில் பாதி மாலை இரண்டு மணி நேரத்தில் குவிந்தால் வினாடிக்கு ஐந்து. தீபாவளி முன்பதிவு திறக்கும் நாளில் இது இருபது மடங்கானாலும் வினாடிக்கு நூறு. வாடகைக்கு எடுத்த ஒரு நடுத்தர சர்வரும் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் இதைச் சிரமமின்றித் தாங்கும். சேவைகளாகப் பிரிப்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் முதல் காரணம் கூட்டத்தைத் தாங்குவது. ஐந்து வரிக் கணக்கிலேயே அந்தக் காரணம் இந்த நிறுவனத்துக்கு இல்லை என்று தெரிந்துவிடுகிறது. இந்தக் கணக்கைப் போடாமல் எழுதப்பட்ட ஆவணங்களில்தான் வாதம் பக்கம் பக்கமாக நீளும்.

அடுத்த கேள்விதான் ஆவணத்தின் உயிர்: எந்தெந்தத் தகவல்கள் ஒரே கணத்தில் சேர்ந்து மாறவேண்டும்?

சென்னையிலிருந்து மதுரை போகும் ஒரு பஸ்ஸில் எல்-4 என்ற கீழ்ப் படுக்கையை இரண்டு பேர் ஒரே நொடியில் தொடுகிறார்கள். ஒருவருக்குத்தான் கிடைக்க வேண்டும். கிடைத்தவர் பெயரில் பதிவும் உருவாக வேண்டும், இருக்கையும் பூட்டப்பட வேண்டும். ஒன்று நடந்து மற்றது நடக்காமல் போகக் கூடாது. டேட்டாபேஸ் ஒன்றே என்றால் இதற்கு இவ்வளவுதான் வேலை:

```sql
BEGIN;
INSERT INTO bookings (id, trip_id, passenger_id, fare)
VALUES (7041, 312, 5518, 950);
UPDATE seats
   SET status = 'HELD', booking_id = 7041,
       held_until = now() + interval '10 minutes'
 WHERE trip_id = 312 AND seat_no = 'L4' AND status = 'FREE';
COMMIT;
```

இருவரில் யாருடைய `UPDATE` முதலில் அந்த வரிசையைத் தொடுகிறதோ, அவருக்காக டேட்டாபேஸ் அதைப் பூட்டிவைக்கிறது. மற்றவருடையது காத்திருக்கும். பூட்டு திறந்ததும் நிபந்தனை மறுபடி சரிபார்க்கப்படும். `status` இப்போது `FREE` இல்லை என்பதால் மாறிய வரிசைகளின் எண்ணிக்கை பூஜ்ஜியம் என்று பதில் வரும். அதைக் கண்ட நிரல் `COMMIT` செய்யாமல் `ROLLBACK` செய்துவிட்டு, வேறு இருக்கை பார்க்கச் சொல்லும். நடுவில் சர்வர் அணைந்துபோனாலும் பாதிப் பதிவு தங்காது. இந்த உத்தரவாதத்துக்காக அந்த நான்கு பேரும் சொந்தமாக ஒரு வரிகூட எழுதவில்லை. பல பத்தாண்டுகளாகச் செதுக்கப்பட்ட டேட்டாபேஸ் அதைச் சும்மா தருகிறது.

அதே வேலையை இருக்கைச் சேவையும் பதிவுச் சேவையும் தனித்தனி டேட்டாபேஸில் வைத்துச் செய்தால் நிலைமை வேறு. பதிவுச் சேவை இருக்கைச் சேவைக்கு ‘எல்-4-ஐப் பூட்டு’ என்று நெட்வொர்க்கில் சொல்லி அனுப்புகிறது. இரண்டு வினாடி ஆகியும் பதில் இல்லை. செய்தி போய்ச் சேரவே இல்லையா? சேர்ந்து, அங்கே தோற்றுவிட்டதா? பூட்டியாகிவிட்டது, பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? கேட்டவருக்கு இந்த மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும். மறுபடி கேட்கலாம். ஆனால் முதல் கோரிக்கை ஏற்கெனவே நிறைவேறியிருந்தால், இரண்டாவதை இருக்கைச் சேவை ‘வேறொருவர் எடுத்துவிட்டார்’ என்று திருப்பி அனுப்பும். அந்த வேறொருவர் அதே பயணிதான். இதைத் தவிர்க்க ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே திருப்பித் தருமாறு எழுத வேண்டும். பூட்டு விழுந்து பதிவு தோற்றால் பூட்டை அவிழ்க்கத் தனி நிரல் வேண்டும். அந்த அவிழ்ப்பே தோற்றால் அதற்கும் ஒரு வழி வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு ஈடுகட்டும் படி வைக்கும் இந்த முறைக்கு சாகா என்று பெயர். ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் 1987-இலேயே இதை எழுதிவைத்தார்கள். தேவைப்படும் இடத்தில் அருமையான முறை. ஆனால் மேலே உள்ள சில வரிகளுக்குப் பதிலாக அதை எழுதிச் சோதித்துப் பராமரிப்பது நான்கு பேரின் வாரங்களை விழுங்கும்.

மோனோலித் என்றால் இந்தத் தலைவலி அறவே இல்லை என்று ஆவணம் எழுதிவிடக் கூடாது. பணம் வாங்குவது எப்படியும் வெளியிலிருக்கும் பேமென்ட் கேட்வே வழியாகத்தான். அது இன்னொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர், இடையில் நெட்வொர்க். அதனால்தான் மேலே இருக்கை விற்றதாகக் குறிக்கப்படாமல் பத்து நிமிடத்துக்கு மட்டும் பிடித்துவைக்கப்படுகிறது. பயணி யு.பி.ஐ.யில் பணம் கட்டி, ‘வந்துவிட்டது’ என்ற செய்தி கேட்வேயிடமிருந்து பதினோராவது நிமிடத்தில் வரும் நாள் கட்டாயம் வரும். அதற்குள் பிடிப்பு விடுவிக்கப்பட்டு எல்-4 வேறொருவர் கைக்குப் போயிருந்தால் பணத்தைத் திருப்பியாக வேண்டும். அதே செய்தி இரண்டு முறை வரும் நாளும் உண்டு. ஆக, அடையாள எண், ஈடுகட்டும் படி, தினமும் இரவில் கேட்வே கணக்கையும் தன் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை எல்லாம் இந்த ஓர் எல்லையில் எழுதித்தான் ஆகவேண்டும். தவிர்க்க முடியாத ஒரு கடினமான எல்லை இருக்கிறது என்பதே, தவிர்க்கக்கூடிய இன்னும் நான்கை வலிய உண்டாக்காமலிருக்கப் போதுமான காரணம்.

எல்லைகள் பெருகினால் கோளாறும் பெருகும் என்பதை எண்ணாலும் காட்டலாம். ஒரு சேவை 99.9 சதவீத நேரம் ஒழுங்காக ஓடுகிறது என்றால் 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம் படுத்திருக்கும். ஒரு டிக்கெட் விற்க அப்படிப்பட்ட ஐந்து சேவைகளும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும், அவை தனித்தனியே பழுதாகின்றன என்றால், சேர்ந்து கிடைப்பது ஏறத்தாழ 99.5 சதவீதம். மாதத்துக்கு மூன்றரை மணி நேரம் விற்பனை நிற்கும். ஒன்று விழுந்தாலும் மற்றவை ஓடும் என்பது, ஒன்றுக்காக ஒன்று காத்திராத சேவைகளுக்குத்தான் உண்மை. குறுஞ்செய்தி அனுப்பும் பகுதி அப்படிப்பட்டது. இருக்கையும் பதிவும் அப்படியல்ல.

இதையெல்லாம்விட எளிதில் கண்ணில் படாத ஆபத்து ஒன்று உண்டு. முதல் தயாரிப்பு எழுதுகிறவர்களுக்கு எல்லைக்கோடு எங்கே விழவேண்டும் என்று தெரியாது. தெரிந்திருக்க வழியே இல்லை.

நம் கற்பனை நிறுவனத்துக்கு மூன்றாவது மாதம் ஒரு பஸ் முதலாளி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கேட்பது இந்தியாவில் பஸ் டிக்கெட் எடுத்த எல்லோருக்கும் பழக்கமான விதி: தனியாகப் பயணம் செய்யும் பெண்ணுக்குப் பக்கத்து இருக்கையை இன்னொரு பெண்ணுக்குத்தான் விற்க வேண்டும். கேட்க எளியது. ஆனால் படத்தில் அழகாக ஐந்து கட்டமாகப் பிரித்திருந்தவர்களுக்கு, பயணி ஆணா பெண்ணா என்பது பயணிச் சேவையில் இருக்கிறது. எது எதற்குப் பக்கத்து இருக்கை என்பது இருக்கைச் சேவையில். பூட்டும் கணத்தில் இரண்டும் சேர்ந்து தெரிய வேண்டும். இருக்கைச் சேவை பூட்டைப் பிடித்துக்கொண்டே பயணிச் சேவையைக் கேட்கலாம். அப்படிச் செய்தால் அங்கே ஏற்படும் ஒவ்வொரு தாமதமும் இங்கே பூட்டாக நீளும். பயணியின் பாலினத்தை இருக்கைச் சேவையிலும் நகலெடுத்து வைக்கலாம். அப்போது பயணி விவரத்தைத் திருத்தும்போதெல்லாம் நகலும் திருத்தப்பட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரே டேட்டாபேஸில் இது மூன்று அட்டவணைகளை இணைக்கும் ஒரு கேள்வி. பக்கத்துப் பக்கத்து இருக்கைகளை இருவர் ஒரே நேரத்தில் எடுத்து விதியை உடைத்துவிடாதபடி இரண்டு வரிசைகளையும் `SELECT ... FOR UPDATE` கொண்டு சேர்த்துப் பூட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் நுணுக்கம். அரை நாள் வேலை, ஒரு நாள் சோதனை. தவறான இடத்தில் போட்ட கோட்டை மோனோலித்தில் அழிப்பது நிரலைத் திருத்தும் வேலை. சேவைகளுக்கு நடுவே அழிப்பது, ஓடிக்கொண்டிருக்கும் இரண்டு டேட்டாபேஸ்களுக்கு இடையே தகவலை இடம் மாற்றும் வேலை.

கோடு தவறிவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு சின்ன வசதியைச் சேர்க்க மூன்று சேவைகளில் நிரல் மாறி, அந்த மூன்றையும் குறிப்பிட்ட வரிசையில்தான் வெளியிட வேண்டியிருந்தால், பெயரளவில்தான் அவை தனித்தனி. இரண்டு வகைகளின் சிரமமும் அங்கே ஒன்றாகச் சேர்ந்திருக்கும்.

இதை நிஜமாகவே கடந்து வந்த ஒரு நிறுவனம் அமெரிக்காவின் செக்மென்ட். அவர்கள் கதையை வெறுமனே ‘பிரித்தார்கள், திரும்பச் சேர்த்தார்கள்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதன் சாரத்தைத் தவறவிடுகிறார்கள்.

ஒரு வலைத்தளத்தில் பயனர்கள் செய்வதைச் செய்தியாக வாங்கி, கூகுள் அனலிடிக்ஸ் போன்ற பல இடங்களுக்கு அனுப்பிவைப்பது செக்மென்டின் தொழில். தொடக்கத்தில் எல்லாச் செய்திகளும் ஒரே வரிசையில் நின்றன. சேருமிடங்களில் ஏதோ ஒன்று தடுமாறினால், அதற்கு மறுபடி மறுபடி அனுப்ப முயலும் செய்திகள் வரிசையை அடைத்துக்கொண்டன. ரேஷன் கடையில் ஒருவருடைய கைரேகை பதியாமல் போனால் பின்னாலிருக்கும் அத்தனை பேரும் நிற்கிற மாதிரி, நன்றாக இயங்கும் இடங்களுக்குப் போகவேண்டியவையும் தேங்கின. எனவே ஒவ்வொரு சேருமிடத்துக்கும் தனி வரிசை, தனிச் சேவை என்று பிரித்தார்கள். அந்த நோய்க்கு அது மருந்தாகவே இருந்தது.

பிறகு ஒரே இடத்தில் இருந்த நிரலையும் பிரித்தார்கள். ஒரு சேருமிடத்தின் சோதனை தோற்றால் மற்றவற்றின் வெளியீடும் தடைப்பட்டது என்பதால், ஒவ்வொன்றுக்கும் தனிக் களஞ்சியம். சேருமிடங்கள் 140-ஐத் தாண்டின. எல்லாவற்றுக்கும் பொதுவான நூலகங்களில் ஒரு திருத்தம் செய்தால் 140 சேவைகளைச் சோதித்து வெளியிட வேண்டும். அது முடியாதபோது ஒவ்வொரு சேவையும் அந்த நூலகத்தின் வெவ்வேறு பதிப்பில் நின்றுவிட்டது. சில சேவைகளுக்கு நாளுக்குக் கைவிட்டு எண்ணும் செய்திகள், சிலவற்றுக்கு வினாடிக்கு ஆயிரக்கணக்கில். கூட்டமில்லாத சேவையில் திடீரென்று கூட்டம் வந்தால் பொறியாளரை எழுப்பித்தான் சர்வரைக் கூட்ட முடிந்தது. அமைப்பை உயிரோடு வைத்திருப்பதிலேயே மூன்று பொறியாளர்களின் பெரும்பொழுது போயிற்று.

2018 ஜூலையில் அந்நிறுவனத்தின் பொறியாளர் அலெக்சாண்ட்ரா நூனன் இதை வெளிப்படையாக எழுதினார். எல்லாச் சேருமிடங்களின் நிரலையும் ஒரே களஞ்சியத்துக்குள், ஒரே சேவைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பொது நூலகங்களில் 2016-இல் செய்ய முடிந்த மேம்பாடுகள் 32. ஒன்று சேர்த்தபின், 2018-இல் அந்தக் கட்டுரை வரும்வரை மட்டுமே 46. வரிசைகளின் வேலையை சென்ட்ரிஃப்யூஜ் என்று அவர்களே கட்டிய ஒரு புதிய அமைப்பு ஏற்றுக்கொண்டது. ஓர் இடம் தடுமாறினால் மற்றவை தேங்காமல் அது பார்த்துக்கொண்டது.

ஆக, அவர்களைப் படுத்திய நோய் வரிசையில் இருந்தது. நிரலையும், அதை வெளியிடும் முறையையும் சேர்த்தே பிரித்ததற்குத்தான் பின்னால் விலை கொடுத்தார்கள். வரிசை, நிரல், களஞ்சியம், டேட்டாபேஸ், ஓடும் சர்வர் இவை ஐந்தும் தனித்தனி முடிவுகள். பஸ் டிக்கெட் ஆவணத்திலும் அவற்றைத் தனித்தனியேதான் எடைபோட வேண்டும். குறுஞ்செய்தியும் டிக்கெட் பி.டி.எஃப். தயாரிப்பும் மெதுவான வேலைகள். பயணியை அவற்றுக்காகக் காக்கவைக்கக் கூடாது. அதற்குத் தனிச் சேவை தேவையில்லை. ‘இதை அனுப்பு’ என்ற குறிப்பை, பதிவு உறுதியாகும் அதே டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஒரு அட்டவணையில் எழுதிவைத்து, அதே நிரலின் இன்னொரு பிரதியைப் பின்னணியில் ஓடவிட்டு எடுத்துச் செய்யச் சொன்னால் போதும். வரிசை தனியானது, நிரல் ஒன்றாகவே இருக்கிறது.

நூனனின் கட்டுரை ஒன்றாகச் சேர்த்ததன் செலவையும் மறைக்கவில்லை. எல்லாம் ஒரே சேவைக்குள் ஓடுவதால் ஒரு சேருமிடத்தின் நிரலில் வரும் பிழை மொத்தத்தையும் சாய்த்துவிடக்கூடும். மோனோலித்தைத் தேர்ந்தெடுக்கும் ஆவணமும் இதை எழுதிவைக்க வேண்டும். டிக்கெட் அறிக்கை தயாரிக்கும் மோசமான ஒரு கேள்வி டேட்டாபேஸை மூச்சுத்திணற வைத்தால் டிக்கெட் விற்பனையும் நிற்கும். அறிக்கைகளுக்கு டேட்டாபேஸின் படிக்க மட்டுமான நகலைப் பயன்படுத்துவது, நீளும் கேள்விகளைச் சில வினாடிகளில் வெட்டுவது என்று அதற்கான காப்பையும் ஆவணத்திலேயே குறித்துவிடலாம்.

இன்னொரு செலவு மெல்ல வருவது. ஒரே நிரலுக்குள் எல்லாம் எல்லாவற்றையும் தொடலாம் என்பதால், அவசரத்தில் கட்டணப் பகுதி நேராக இருக்கை அட்டவணையில் கைவைக்கும். இரண்டு வருடத்தில் எதைத் தொட்டாலும் எங்கோ உடையும். இதற்கு மருந்து நெட்வொர்க்கில் இல்லை. மாறக்கூடிய முடிவுகளை ஒவ்வொரு பகுதியும் தனக்குள் மறைத்துக்கொள்ள வேண்டும் என்று டேவிட் பார்னாஸ் 1972-இலேயே எழுதிய அந்தப் பகுப்பில் இருக்கிறது. நிரலை நான்கைந்து தொகுதிகளாக வைத்து, ஒன்றின் அட்டவணையை மற்றது நேரடியாகத் தொடாமல் அதன் வெளிப்படையான செயல்கள் வழியாக மட்டுமே பேசவேண்டும் என்று விதி போடலாம். அந்த விதியை மனிதர்களின் நல்லெண்ணத்தை நம்பி விடாமல், ஒவ்வொரு திருத்தத்தின்போதும் இயந்திரமே சரிபார்க்க வேண்டும். ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதிய மிகப்பெரிய மோனோலித் ஒன்றை வைத்திருக்கும் ஷாப்பிஃபை, இதற்காகவே பேக்வெர்க் என்ற கருவியை எழுதி 2020-இல் பொதுவில் வெளியிட்டது. தொகுதிக் கோடு எங்கே விழக் கூடாது என்பதும் ஆவணத்தில் இடம்பெற வேண்டும். எல்-4-ஐப் பூட்டும் டிரான்ஸாக்‌ஷன் பதிவையும் இருக்கையையும் பயணி விவரத்தையும் சேர்த்தே தொடும். எனவே அவை மூன்றும் ஒரே தொகுதி.

கடைசிப் பக்கத்தில், இந்த முடிவை எப்போது மறுபடி திறந்து பார்ப்பது என்ற பட்டியல் வருகிறது. ‘தேவைப்படும்போது’ என்று எழுதினால் அந்த நாள் யாருக்கும் தெரியாமல் கடந்துபோகும். அளக்கக்கூடியதாக எழுத வேண்டும். பொறியாளர்கள் நால்வரிலிருந்து இருபது பேராகி, ஒருவர் வெளியீட்டுக்கு இன்னொருவர் வாரத்தில் பல முறை காத்திருக்கும் நிலை ஒன்று. ஒரு பகுதிக்கு மட்டும் முற்றிலும் வேறு வகை சர்வர் தேவைப்படுவது இன்னொன்று.

அந்த நிலை வரும்போது முதலில் பிரியக்கூடியது எது என்பதையும் இன்றைக்கே சொல்ல முடியும். பஸ் இப்போது எங்கே வருகிறது என்று காட்டும் ஜி.பி.எஸ். பகுதிதான் அது. நாற்பது பஸ்கள் பத்து வினாடிக்கு ஒரு முறை இடத்தைச் சொன்னால் டேட்டாபேஸில் வினாடிக்கு நான்கு முறை எழுத வேண்டும், இன்று பொருட்டே இல்லை. இரண்டாயிரம் பஸ்களானால் வினாடிக்கு இருநூறு. ஓடும் நேரமெல்லாம் இடைவிடாமல் எழுதப்படும் அந்தத் தகவல்கள் டிக்கெட் விற்கும் டேட்டாபேஸின் வட்டையும் நினைவகத்தையும் தின்னத் தொடங்கும். அந்தத் தகவலில் ஒன்றிரண்டு தொலைந்தால் நட்டமில்லை, அடுத்த பத்தாவது வினாடியில் புதியது வந்துவிடும். எல்-4-ஐப் பூட்டும் டிரான்ஸாக்‌ஷன் அதன் ஒரு வரிசையைக்கூடத் தொடுவதில்லை. எனவே ஜி.பி.எஸ். அட்டவணைகளுக்கு முதல் நாளிலிருந்தே தனி ஸ்கீமா கொடுத்து, மற்ற அட்டவணைகளோடு அவற்றை இணைக்கும் கேள்வி எதையும் எழுதக் கூடாது என்று ஆவணத்தின் கடைசி வரியில் குறித்துவிடுகிறார்கள்.